பில் போடாத சாப்பாடு

எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். மற்றவர்களுக்குத் தொண்டை அடைக்கும், சோறு இறங்காது என்பார்கள். எனக்கு எல்லாமே தலைகீழ். அன்று மாப்பிள்ளையின் செய்தி கைப்பேசியில் வந்தபோது நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்து ஏப்பம்கூட விட்டிருக்கவில்லை. படித்த கையோடு எழுந்து உள்ளே போய், தட்டில் ஆறிக் கிடந்த இரண்டு வடைகளை நின்றபடியே தின்றேன்.

"மச்சான், மூணு மாசமா சேல்ஸ் அப்படியே இருக்கு. ஃபுட் காஸ்ட் மட்டும் முப்பத்தாறுல இருந்து நாப்பத்திரண்டுக்குப் போயிருக்கு. என்ன காரணம்னு ஒரு லெட்டரா எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஃபைல்ல வைக்கணும்."

மாப்பிள்ளை என் தங்கச்சியின் கணவர். சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் பெரிய வேலை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சைவ ஓட்டல் வைத்திருக்கிறோம். போட்ட முதலில் பாதி அவருடையது, வீட்டை அடமானம் வைத்துக் கொண்டுவந்த பணம். மீதிப் பாதியும் கடையைக் கட்டி மேய்ப்பதும் என் பொறுப்பு. மாதக் கணக்கை நான் அனுப்புவேன், அவர் பார்ப்பார். அதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவர் கேட்டிருந்தது நியாயமான கேள்விதான். மாத ஆரம்பத்தில் ஸ்டோரில் இருந்த சாமானோடு அந்த மாதம் வாங்கியதைக் கூட்டி, கடைசியில் மிச்சம் கிடப்பதைக் கழித்தால், அடுப்புக்குப் போன சாமான் எவ்வளவு என்று தெரியும். அதை விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தச் சதவீதம். முன்பெல்லாம் நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பத்தாறு ரூபாய்க்குச் சாமான் போகும். இப்போது அதே நூறு ரூபாய்க்கு நாற்பத்திரண்டு ரூபாய்ச் சாமான் போகிறது. விற்பனை ஏறவில்லை, இறங்கவில்லை. அப்படியானால் அந்த ஆறு ரூபாய்ச் சாமான் எங்கே போனது?

என்னைக் கலக்கியது அந்தக் கேள்வி இல்லை, 'ஃபைல்ல வைக்கணும்' என்ற கடைசி வரிதான். வேறு கூட்டாளி என்றால் சண்டை போடலாம், கணக்கை முடித்துக்கொண்டு அவரவர் வழியில் போகலாம். இவர் என் தங்கச்சியின் வீட்டுக்காரர். மச்சான் கடையில் கை வைக்கிறான் என்ற எண்ணம் ஒரு நாள் அவர் மனதில் விழுந்துவிட்டால், அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அந்த வீட்டில் தினமும் அவருக்குக் காபி கொடுக்கிறவள் முகத்தைப் பார்த்துத்தான் அதை நினைப்பார். அதை எண்ணிப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் பசித்தது.

இரண்டு நாள் நான் திருடனைத் தேடினேன். ஸ்டோர் வாசலில் தராசைப் போட்டு உட்கார்ந்து அரிசி மூட்டையை நிறுத்தேன். பருப்பை நிறுத்தேன். எண்ணெய் டின்னை ஆட்டிப் பார்த்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் பைகளை, பார்க்காதவன்போல் பார்த்தேன். பயந்தவன் கண்ணுக்கு எல்லார் பையும் புடைத்துத்தான் தெரியும்.

எங்கள் மாஸ்டருக்கு, அதாவது சமையலில் தலைமை ஆளுக்கு, வடகரையில் வீடு. கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறவர். சாம்பாரை நாக்கில் வைக்காமல் வாசனையிலேயே உப்புச் சொல்லிவிடுவேன் என்று ஜம்பம் அடிப்பார், பாதி நாள் தப்பாகத்தான் சொல்வார். நான் தராசோடு உட்கார்ந்திருந்ததை அவர் ஒரு நாள் பொறுத்துக்கொண்டார். மறுநாள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, என்னைய நிறுத்துப் பாக்கணுமா? சொல்லுங்க, தராசுல ஏறி நிக்கேன்."

"உங்களச் சொல்லல மாஸ்டர். சென்னையில இருந்து கேக்காவ."

"கேக்கட்டும். நாலு பக்கமும் தென்னந்தோப்பு, தேங்கா விக்கிற விலையைப் பாத்தேளா? சட்னி அரைக்கவே பயமா இருக்கு. அதச் சொல்லுங்க அவுகளுக்கு."

அதில் உண்மை இருந்தது. பக்கத்து ஊர் இலஞ்சியில் தோப்பு வைத்திருப்பவர்களே தேங்காயை எண்ணி எண்ணித்தான் வீட்டுக்கு எடுக்கிறார்கள், மற்றதெல்லாம் வியாபாரிக்குப் போகிறது. எண்ணெயும் ஏறிவிட்டது. எங்கள் சாப்பாட்டு விலையோ பலகையில் எழுதியபடி அப்படியே இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஏற்றட்டும் என்று நான் காத்திருக்க, நான் ஏற்றட்டும் என்று அவர் காத்திருந்தார். பழைய விலையையும் புது விலையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு ரூபாயில் மூன்று ரூபாய்க்கு விலையேற்றமே பதில் சொன்னது.

இன்னொரு ரூபாய்க்கு அருவி பதில் சொன்னது. சீசனில் ஆட்கள் வருவார்கள் என்று விடியுமுன்னே காய் நறுக்கி, உலை வைத்து, சாம்பார் இறக்கியிருப்போம். மேலே மழை கொட்டி, தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டால் போச்சு, வந்த வண்டிகள் எல்லாம் திரும்பிப் போய்விடும். அன்றைக்குப் பொங்கிய சோறு மாட்டுத் தொட்டிக்குத்தான். தடை நீங்கிய ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கியடிக்கும், அதனால் மாத விற்பனை சமமாகத் தெரியும். கொட்டிய சோறு மட்டும் செலவில் நிற்கும். இந்த வருஷம் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம்.

ஆக நாலு ரூபாய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது. மீதி இரண்டு ரூபாய் எங்கே என்று நான் கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அது என் கண் முன்னால் ஆட்டோவில் ஏறிப் போனது.

தினமும் போவதுதான். இலஞ்சியில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். வைகாசியில் அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கப் போன நான் ஆப்பிளை நீட்டியதோடு வாயையும் விட்டேன். "நம்ம கடை இருக்கையில உங்களுக்கு எதுக்கு அத்தை அடுப்பு? மூணு நேரமும் வந்துரும்." சம்பந்தி வீட்டுக்குச் செய்கிறோம் என்ற பெருமை எனக்கு. மறுநாளே நாலு அடுக்குக் கேரியர் ஆட்டோவில் போக ஆரம்பித்தது. தங்கச்சியின் மாமியாருக்குப் போகும் சோற்றுக்கு பில் போடுவதாவது! அப்படி ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பக்கத்தில் யாருக்குமே தோன்றாது.

பிறகு சீசன் வந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருந்தால் ஆனி, ஆடியில் அந்த வீட்டுக்கு எத்தனை சொந்தம் முளைக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அத்தை போன் பண்ணுவார்கள். "மதுரையில இருந்து எங்க சித்தி மக்கமாரு வந்திருக்காவ. கொஞ்சம் சேத்துக் குடுத்து விடுங்க." நான் சேர்த்துக் கொடுத்தேன். நாலு அடுக்கு இரண்டு கேரியர் ஆனது, அப்புறம் சாம்பாருக்குத் தனி வாளி வந்தது. சீசன் முடிந்த பிறகும் அந்த வாளி நிற்கவில்லை. யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

பில் மெஷினில் ஏறாத சாப்பாடு விற்பனையில் வராது. ஆனால் அதற்கான அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஸ்டோரிலிருந்து இறங்கத்தானே செய்யும்? சதவீதம் ஏறாமல் என்ன பண்ணும்! திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் என் பயம் குறையவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. உங்கள் அம்மா வீட்டுக்குப் போன சோறுதான் காரணம் என்று கையெழுத்துப் போட்டு எப்படி எழுதுவது?

தங்கச்சிக்கு போன் போட்டேன். அவள் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மத்தியான இடைவேளையில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, அத மட்டும் எழுதிராத."

"ஏன்டீ? ரெண்டு பெரியவங்க சாப்பிடுதாவ. இதுல என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியாது. அவுக மாசாமாசம் அம்மாவுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குன்னு பணம் போடுதாவ. கடைக்கு அத்தை குடுத்திருதாவன்னு நெனச்சிட்டு இருக்காவ."

அத்தை எனக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். அந்தப் பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. கஷ்டப்படும் ஒரு மகளுக்குப் போகலாம், பீரோவில் இருக்கலாம். அதைக் கேட்க நான் யார்?

"நீ எழுதினேன்னா, அவுகளப் பெத்தவள நீ பொய்க்காரின்னு எழுதின மாதிரி ஆயிரும். அப்புறம் நான் இங்கன எப்படிண்ணே இருப்பேன்?" என்றாள். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கூட்டம் வருவதற்கு முன்னால் முதல் கடிதத்தை எழுதினேன். நல்ல கடிதம்தான். தேங்காய் விலை, எண்ணெய் விலை, பலகை விலையை ஏற்றாமல் விட்டது, குளிக்கத் தடை விழுந்த நாட்கள் எல்லாம் எழுதினேன். அந்த இரண்டு ரூபாய் வந்ததும் பேனா நின்றது. எதை எழுதினாலும் ஆபத்து, எழுதாமல் விட்டால் அதைவிட ஆபத்து. கடைசியில், 'சமையலறையில் அளவு மீறிச் சமைப்பதால் வரும் சேதாரமும் உண்டு' என்று ஒரு வரியைப் போட்டு மூடினேன். யார் பெயரும் இல்லாத வரி, யாரையும் சுடாது என்று நினைத்தேன்.

மறுநாளே மாப்பிள்ளை பேசினார். குரலில் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

"விலை ஏறினது சரி மச்சான், நானும் போட்டுப் பாத்தேன், மூணுதான் வருது. தடை விழுந்த நாள் கணக்கும் ஒத்துக்கிடுதேன். மிச்சம் ரெண்டு பர்சென்ட் கிச்சன்லயே சேதாரம்னா அது மாஸ்டர் மிஸ்டேக். ஒண்ணு அளவு தெரியல, இல்ல வெளிய போவுது. ஆளை மாத்திருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் மதுரையில இருக்கான், கேட்டரிங் படிச்சவன்."

சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நான் என்னவோ முனகினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் மாஸ்டர் சாம்பார் அண்டாவின் மேல் குனிந்து மோந்துகொண்டிருந்தார். "உப்பு சரியா இருக்கு அண்ணாச்சி" என்றார். அன்று உப்பு ஒரு கல் கூடுதல்.

அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அளவு தெரியாதவன், இல்லை திருடன், என்று ஒரு கடை அனுப்பிய ஆளைத் தென்காசியில் எந்தக் கடை எடுக்கும்? புளியறைப் பக்கம் லாரிக்காரர்களுக்குப் புரோட்டா போடும் கடையில் நிற்கவேண்டியதுதான். அவரைக் காப்பாற்றினால் தங்கச்சி மாட்டுவாள். தங்கச்சியைக் காப்பாற்றினால் அவர் போவார். நான் மட்டும் இரண்டு பக்கமும் பயந்துகொண்டு, பார்க்கிற பலகாரத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை மறுபடி கேட்டார், மதுரைப் பையன் எப்போது வரலாம் என்று. அன்றுதான் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். அதன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

'மாப்பிள்ளைக்கு, சேதாரம் என்று போன கடிதத்தில் எழுதியது சரியில்லை. மாஸ்டர் மேல் எந்தத் தப்பும் கிடையாது. அந்த இரண்டு சதவீதச் சாமான் முறையாகச் சமைக்கப்பட்டு, பில் போடாமல் இலஞ்சி வீட்டுக்குப் போகிறது. பில் இல்லாததால் விற்பனையில் அது வராது, சாமான் மட்டும் செலவில் நிற்கும். இதை ஆரம்பித்தது நான். அத்தை கேட்கவில்லை, நானாகத்தான் அனுப்பினேன். பணம் தந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். இனிமேல் அங்கே போகும் சாப்பாட்டின் அடக்க விலையைத் தனியாக எழுதி வைக்கிறேன். அதைக் கடைச் செலவில் சேர்க்காமல் என் பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் சதவீதம் நாற்பது. பலகை விலையை ஏற்றினால் இன்னும் இறங்கும்.'

பணம் தந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன் என்ற வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அத்தையை அந்த வரிக்குள் ஒளித்து வைத்துவிட முடியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கணக்குப் பிரிவில் இருக்கிறவரிடம் அது பலிக்குமா? அப்போது பலிக்கும் என்றுதான் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. போனும் வரவில்லை. கைப்பேசி அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன், பால்காரராக இருக்கும். தங்கச்சிக்கு நானாகக் கூப்பிடவும் தைரியம் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் ஆட்டோக்காரர் இரண்டு கேரியரையும் வாளியையும் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தேய்த்துக் கழுவி, துடைத்து, அடுக்கி இருந்தது.

"இனிமே வேண்டாமாம் அண்ணாச்சி. ஆச்சி சொல்லிட்டாவ."

"வேற என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. முகத்தப் பாக்கல."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்கு ஓடினேன். அவர்கள் திட்டினால் காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அடுப்படியிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் தங்கச்சி நின்றிருந்தாள்.

அனுப்பிவிட்டார்களா, சண்டையா, பிள்ளை எங்கே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"சத்தம் போடாதண்ணே, அத்தை உள்ள படுத்திருக்காவ. ஒரு சண்டையும் இல்ல. நேத்து ரயில்ல வந்தேன். பிள்ளைக்குப் பரீட்சை, அது அவுககிட்ட இருக்கு."

"லீவு போட்டியா?"

"கேட்டேன், தரல. வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

கடிதத்தைப் படித்துவிட்டு மாப்பிள்ளை என்னதான் சொன்னார் என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உன்னயும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் சும்மாவே இருந்தாவ. அப்புறம் என்னைப் பாத்து, 'எங்கம்மாவுக்குச் சோறு பொங்கிப் போட எனக்கு ஒரு ஆளில்லாமப் போச்சு, உங்கண்ணன் பங்குல கழிச்சுப் போட வேண்டியிருக்கு'ன்னாவ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாஸ்டரைப் பற்றி அவர் அதன் பிறகு பேசவே இல்லை. மதுரைப் பையனும் வரவில்லை. பலகையில் சாப்பாட்டு விலையை ஏற்றி எழுதினேன், பக்கத்துக் கடைக்காரரும் மறுநாளே ஏற்றினார். கேரியர் நின்றது. தடை விழும் போலிருந்தால் உலையைப் பாதியாக வைக்கப் பழகினோம். நான் மாதக் கணக்கை அனுப்பினேன்.

அந்தக் கணக்குக்குப் பதில் வந்த அன்று நான் இலஞ்சியில் இருந்தேன். தங்கச்சி எனக்கு இலை போட்டு, சோறு வைத்து, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'முப்பத்தாறுக்கு வந்துட்டது மச்சான். நன்றி. இப்படியே கன்ட்ரோல்ல வச்சுக்கோங்க.'

"யாருண்ணே?" என்றாள்.

"மாப்பிள்ளைதான். கணக்கு சரியாயிட்டாம்."

"அப்ப நல்லது" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "நீ என்ன சாப்பிடாம இருக்க?"

பசிக்கவில்லை என்றேன்.